யாரில் எத்தனை பேர்?

1986-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து சில ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. அவற்றைச் சேகரித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா. வழிகாட்டியவர் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த அந்த ரத்தத்தில் ஆறு மாதிரிகள் எலைசா பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தன. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் சான்று. ஆனாலும் எலைசா முடிவோடு யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை. வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு வகைப் பரிசோதனைக்காக ரத்தம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கும் அதே முடிவு வந்த பிறகுதான் விஷயம் உறுதியானது.

எலைசா மட்டமான பரிசோதனை இல்லை. பிறகு எதற்கு இன்னொன்று? மருத்துவ மாணவர்கள் சமுதாய மருத்துவத் தாளிலும் மேற்படிப்பு நுழைவுத் தேர்விலும் எழுதும் ஒரு சின்னக் கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். இருந்தும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இதில் மார்க்கை விடுகிறார்கள். எதை எதால் வகுப்பது என்பதில் கோட்டை விடுவதுதான் காரணம்.

கணக்கில் நான்கு சொற்கள் வரும். சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இரண்டும் ஒரு ஜோடி. முதலாவது, உண்மையில் நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைப் பரிசோதனை பிடித்தது என்பது. இரண்டாவது, உண்மையில் நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை ‘இல்லை’ என்று சரியாக விட்டது என்பது. பரிசோதனைகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு சொற்களையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேக்கப் எருஷால்மி. 1947-இல் அவர் எழுதிய கட்டுரை, மார்பு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துக் காசநோய் இருக்கிறதா என்று சொல்வதில் எவ்வளவு பிழை நேர்கிறது என்பதைப் பற்றியது.

அடுத்த ஜோடி பாசிட்டிவ் பிரெடிக்டிவ் வேல்யூ, நெகட்டிவ் பிரெடிக்டிவ் வேல்யூ. மாணவர்கள் சுருக்கமாக பி.பி.வி., என்.பி.வி. என்பார்கள். பாசிட்டிவ் என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே நோய் இருக்கிறது என்பது பி.பி.வி. நெகட்டிவ் என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே நோய் இல்லை என்பது என்.பி.வி.

முதல் ஜோடி நோயிலிருந்து புறப்பட்டு ரிசல்ட்டுக்குப் போகிறது. இரண்டாவது ஜோடி ரிசல்ட்டிலிருந்து புறப்பட்டு நோய்க்குப் போகிறது. பரிசோதனைக் கிட் செய்கிறவருக்கு முதல் ஜோடி முக்கியம். கையில் ரிப்போர்ட்டோடு நிற்பவருக்கு வேண்டியது இரண்டாவது. ‘பாசிட்டிவ்னு வந்திருக்கே டாக்டர், அப்ப எனக்கு நோய் இருக்குதானே?’ என்று அவர் கேட்பது பி.பி.வி.யைத்தான்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். ‘ஒரு எச்.ஐ.வி. பரிசோதனையின் சென்சிட்டிவிட்டி 99 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 99 சதவீதம். நோய்ப் பரவல் 0.2 சதவீதம் உள்ள மக்கள்தொகையில் அதைப் பயன்படுத்தினால் பி.பி.வி., என்.பி.வி. என்ன?’ 99 என்பது கணக்குக்காக வைத்த எண். கிட்டுக்குக் கிட் அது மாறும். 0.2 சதவீதம் அப்படியில்லை. இந்தியாவில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சதவீதத்தைச் சதவீதத்தால் பெருக்க ஆரம்பித்தால் பாதி வழியில் தடம் தவறும். அதனால் முதல் வேலையாக ஆட்களைக் கொண்டுவர வேண்டும். பரவல் ஆயிரத்தில் இரண்டு என்பதால், மீதி எண்களும் முழு எண்களாக வருவதற்கு, ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். 0.2 சதவீதம் என்றால் 200 பேருக்குத் தொற்று இருக்கிறது. 99,800 பேருக்கு இல்லை. இந்தப் பிரிவை முதலில் எழுதி முடித்துவிட வேண்டும். பரிசோதனை என்ன சொல்கிறது என்பதை அதுவரை தொடவே கூடாது.

இப்போது 200 பேரை எடுத்துக்கொள்வோம். சென்சிட்டிவிட்டி இவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். 200-இல் 99 சதவீதம் 198. இரண்டு பேரைப் பரிசோதனை தவறவிடுகிறது. அடுத்து 99,800 பேர். இவர்களுக்கு ஸ்பெசிஃபிசிட்டி. 99 சதவீதமான 98,802 பேருக்குச் சரியாக நெகட்டிவ் வருகிறது. மீதி 998 பேருக்கு நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் வருகிறது.

| | தொற்று உண்டு | தொற்று இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| பாசிட்டிவ் | 198 | 998 | 1,196 |
| நெகட்டிவ் | 2 | 98,802 | 98,804 |
| மொத்தம் | 200 | 99,800 | 1,00,000 |

கட்டம் நிரம்பிவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது. பி.பி.வி. வேண்டுமா? யாரில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாசிட்டிவ் வந்தவர்களில். அவர்கள் 1,196 பேர். அதில் உண்மையான நோயாளிகள் 198. 198-ஐ 1,196-ஆல் வகுத்தால் 0.1656, அதாவது சுமார் 16.6 சதவீதம். என்.பி.வி.க்கு நெகட்டிவ் வந்த 98,804 பேரில் 98,802 பேர்: 99.998 சதவீதம்.

99 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனை. ஆனால் அது பாசிட்டிவ் என்று சொன்னவர்களில் ஆறில் ஐந்து பேருக்கு நோயே இல்லை. முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கணக்கில் எங்கோ தப்பு நடந்தது போலத் தோன்றும். தப்பில்லை. தொற்று இல்லாதவர்களின் கூட்டம் அவ்வளவு பெரியது. அதில் நூற்றில் ஒருவருக்குத் தவறு நேர்ந்தாலே ஏறக்குறைய ஆயிரம் பேர் வந்துவிடுகிறார்கள். உண்மையான நோயாளிகளோ மொத்தமே இருநூறு பேர்.

இந்த இடத்தில் தடுமாறுவது மாணவர்கள் மட்டுமில்லை. 1978-இல் காசெல்ஸ், ஷோன்பெர்கர், கிராபாய்ஸ் என்ற மூவர் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் 60 பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மூத்த மருத்துவர்கள் என மூன்று நிலையிலும் தலா 20 பேர். கேள்வி இதுதான்: ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய், அதற்கான பரிசோதனையில் ஃபால்ஸ் பாசிட்டிவ் விகிதம் 5 சதவீதம், அறிகுறி எதுவும் தெரியாத ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

அதிகம் பேர் சொன்ன பதில் 95 சதவீதம். 27 பேர் அதைச் சொன்னார்கள். சரியான விடை சொன்னவர்கள் 11 பேர்தான். ஆயிரம் பேரை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நோய். அவரைப் பரிசோதனை பிடித்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். கேள்வியில் சென்சிட்டிவிட்டி கொடுக்கப்படவில்லை, ஆகவே நூறு என்று கொள்வதுதான் வழக்கம். மீதி 999 பேரில் 5 சதவீதம், ஏறத்தாழ 50 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ். மொத்தம் 51 பாசிட்டிவ். அதில் நோயாளி ஒருவர். விடை 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

95 எங்கிருந்து வந்தது? நூறிலிருந்து ஐந்தைக் கழித்ததில் வந்தது. ‘ஃபால்ஸ் பாசிட்டிவ் 5 சதவீதம்’ என்பதை, பாசிட்டிவ் வந்தவர்களில் 5 சதவீதம் பொய் என்று அவர்கள் படித்துவிட்டார்கள். அந்த 5 சதவீதம் நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம். நூறிலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது ஸ்பெசிஃபிசிட்டி. கேட்டது பி.பி.வி. தேர்வில் கேள்வி கொடுப்பவர் இந்தக் குழப்பத்தை நம்பித்தான் விடைத் தெரிவுகளில் 95-ஐ வைக்கிறார். அது கொஞ்சம் குறும்புதான், ஆனால் நியாயமான குறும்பு. ஒவ்வொரு சதவீதத்தைப் படிக்கும்போதும் ‘யாரில்?’ என்று கேட்டு, அதற்குப் பதிலை விளிம்பில் எழுதிவிட்டால் இந்த வலையில் விழ வேண்டியதில்லை.

நம் எச்.ஐ.வி. கணக்குக்குத் திரும்புவோம். அடுத்து வழக்கமாக வரும் துணைக்கேள்வி: ‘இதே பரிசோதனையை, நோய்ப் பரவல் 10 சதவீதம் உள்ள ஒரு குழுவில் செய்தால்?’ மறுபடி ஒரு லட்சம் பேர். நோயாளிகள் 10,000, அவர்களில் 9,900 பேர் பிடிபடுகிறார்கள், 100 பேர் தப்புகிறார்கள். நோய் இல்லாதவர்கள் 90,000. அவர்களில் 900 பேருக்குப் பொய்ப் பாசிட்டிவ், 89,100 பேருக்குச் சரியான நெகட்டிவ். மொத்தப் பாசிட்டிவ் 10,800. பி.பி.வி. 9,900-ஐ 10,800-ஆல் வகுத்தால் 91.7 சதவீதம். என்.பி.வி. 89,100-ஐ 89,200-ஆல் வகுத்தால் 99.89 சதவீதம்.

கிட் அதே கிட். சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பாசிட்டிவ் ரிப்போர்ட்டின் நம்பகம் 16.6-இலிருந்து 91.7-க்கு ஏறிவிட்டது. என்.பி.வி. மட்டும் ஒரு துளி இறங்கியிருக்கிறது. பரவல் கூடினால் பி.பி.வி. கூடும், என்.பி.வி. குறையும் என்று கைடு புத்தகங்களில் ஒரு வரியாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வறையில் திசையை மாற்றி எழுதிவிடுகிறார்கள். இரண்டு கட்டங்களைக் கையால் ஒருமுறை நிரப்பியவர்களுக்கு அது மறக்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘சென்சிட்டிவிட்டி பரவலைப் பொறுத்து மாறாது’ என்பது தேர்வுக்குச் சரி. ஆனால் மருத்துவமனையில் அது நோயாளிகள் எந்தக் கட்டத்தில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் போதுமான அளவு உருவாகியிருக்காது. அதைத் தேடும் பரிசோதனை அந்த இடைவெளியில் நெகட்டிவ் காட்டலாம். இதைத்தான் விண்டோ பீரியட் என்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் நிறையப் பேர் வந்தால், டப்பாவின் மேல் அச்சிட்ட 99 அங்கே கிடைக்காது.

சரி, பி.பி.வி. 16.6 சதவீதம் என்றால் அந்த 1,196 பேரை என்ன செய்வது? எல்லாரையும் கூப்பிட்டு ‘உங்களுக்கு எச்.ஐ.வி.’ என்று சொன்னால் 998 குடும்பங்களில் காரணமில்லாமல் இடி விழும். ஆகவே இரண்டாவது பரிசோதனை. இங்கேதான் கணக்கு அழகாகிறது. இரண்டாவது பரிசோதனைக்கு வருகிறவர்கள் இனி பழைய ஒரு லட்சம் பேர் இல்லை. இந்த 1,196 பேர் மட்டும். இவர்களிடையே நோய்ப் பரவல் 0.2 சதவீதம் இல்லை, 16.6 சதவீதம். முதல் பரிசோதனையின் பி.பி.வி.தான் இரண்டாவது பரிசோதனைக்கான பரவல்.

இரண்டாவது பரிசோதனைக்கும் சென்சிட்டிவிட்டி 99, ஸ்பெசிஃபிசிட்டி 99 என்றே வைப்போம். 198 நோயாளிகளில் 196 பேருக்கு மறுபடியும் பாசிட்டிவ். நோய் இல்லாத 998 பேரில் நூற்றில் ஒருவர், அதாவது 10 பேருக்கு மறுபடியும் பொய்ப் பாசிட்டிவ். மொத்தம் 206. பி.பி.வி. 196-ஐ 206-ஆல் வகுத்தால் சுமார் 95 சதவீதம். மூன்றாவது பரிசோதனை: 196-இல் 194 பேர் நிற்கிறார்கள். 10 பேரில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 0.1, ஒரு ஆள்கூட இல்லை. பி.பி.வி. 99.9 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

அறிகுறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு என்று சொல்ல, இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிமுறை மூன்று பரிசோதனைகள் கேட்பது இதனால்தான். மூன்றும் வெவ்வேறு கொள்கையில் இயங்க வேண்டும், அல்லது வெவ்வேறு ஆன்டிஜன் கொண்டவையாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த நிபந்தனையை மாணவர்கள் நிர்வாகச் சடங்கு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் கணக்கே அதன் மேல்தான் நிற்கிறது. 998 பேரில் பத்து பேருக்குத்தான் மறுபடி தவறும் என்று சொன்னபோது, இரண்டாவது பரிசோதனையின் பிழைக்கும் முதலாவதின் பிழைக்கும் தொடர்பில்லை என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டோம். ஒருவர் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு புரதம் முதல் கிட்டை ஏமாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கிட்டை இன்னொரு தடவை போட்டால் அதே புரதம் மறுபடியும் ஏமாற்றும். அப்போது 998 பேரும் கிட்டத்தட்ட அப்படியே இரண்டாவது சல்லடையிலும் தங்கிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு பாசிட்டிவ் இருக்கும். தகவல் ஒன்றுதான் இருக்கும்.

இப்படி அடுத்தடுத்துச் செய்வதற்கு ஒரு விலையும் உண்டு, தேர்வில் அதையும் கேட்பார்கள்: ‘மூன்று பரிசோதனைகளும் சேர்ந்த நிகர சென்சிட்டிவிட்டி என்ன?’ தொடக்கத்தில் நோயாளிகள் 200. கடைசியில் உறுதியானவர்கள் 194. ஆக 97 சதவீதம். 0.99-ஐ மூன்று முறை பெருக்கினாலும் அதே 0.97 வரும். ஒவ்வொரு சல்லடையிலும் உண்மையான நோயாளிகள் சிலர் நழுவுகிறார்கள். மறுபக்கம், நோய் இல்லாத 99,800 பேரில் மூன்றிலும் பொய்யாக மாட்டுகிறவர் அநேகமாக யாரும் இல்லை. நிகர ஸ்பெசிஃபிசிட்டி ஏறக்குறைய நூறு. நடைமுறையில் ஒன்றில் பாசிட்டிவும் இன்னொன்றில் நெகட்டிவும் வந்தவரை அப்படியே அனுப்பிவிடுவதில்லை. சில நாள் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள்.

ரத்த வங்கியில் கதை தலைகீழ். தானமாக வந்த ரத்தத்துக்கு ஒரே பரிசோதனை. பாசிட்டிவ் என்றால் அந்தப் பையை ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கே பொய்ப் பாசிட்டிவால் போவது ஒரு பை ரத்தம். பொய் நெகட்டிவால் போவது ஏற்றிக்கொள்கிறவரின் வாழ்க்கை. எனவே சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்து, பி.பி.வி. குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று விடுகிறார்கள். ஒதுக்கப்பட்ட பைக்குச் சொந்தக்காரருக்கு நோய் இருக்கிறது என்று அந்த ஒரு முடிவை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

பத்து வினாடியில் விடையைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. சென்சிட்டிவிட்டியைப் பொய்ப் பாசிட்டிவ் விகிதத்தால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் 99-ஐ 1-ஆல் வகுத்தால் 99. இதற்கு லைக்லிஹுட் ரேஷியோ என்று பெயர். பரவலைச் சதவீதமாக எழுதாமல், ‘இத்தனை பேருக்கு இருக்கிறது, இத்தனை பேருக்கு இல்லை’ என்று எதிரெதிராக எழுத வேண்டும்: 2-க்கு 998. இடப்பக்க எண்ணை 99-ஆல் பெருக்கினால் 198-க்கு 998. கட்டத்தின் முதல் வரிசை அப்படியே வந்துவிட்டது. இரண்டாவது பரிசோதனைக்கு இன்னொரு முறை 99-ஆல் பெருக்கினால் 19,602-க்கு 998. கூட்டி வகுத்தால் சுமார் 95 சதவீதம். கட்டம் போடாமலே இதை மட்டும் செய்கிற மாணவர்களும் உண்டு. ஆனால் பரவலையும் இந்த எதிரெதிர் எண்ணையும் குழப்பிக்கொள்ளாத தெளிவு வேண்டும். 10 சதவீதப் பரவல் என்றால் 1-க்கு 9. 1-க்கு 10 இல்லை.

இனி, கட்டத்தைக் கேள்வியே கொடுத்துவிடும் வகை. பார்க்க எளிது, ஆபத்து அதிகம். ‘ஒரு புதிய காசநோய்ப் பரிசோதனையை மதிப்பிட, நோய் உறுதியான 100 பேரையும் ஆரோக்கியமான 100 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகளில் 90 பேருக்கும் ஆரோக்கியமானவர்களில் 10 பேருக்கும் பாசிட்டிவ். நோய்ப் பரவல் 1 சதவீதம் உள்ள ஊரில் இதன் பி.பி.வி. என்ன?’

கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக 90-ஐ 100-ஆல் வகுத்து 90 சதவீதம் என்று எழுதிவிடும். பாசிட்டிவ் வந்தவர்கள் நூறு பேர், அதில் நோயாளிகள் தொண்ணூறு பேர் என்பது சரிதானே? அந்தக் கட்டத்துக்குள் சரி. ஆனால் அந்தக் கட்டத்தில் பாதிப் பேர் நோயாளிகளாக இருப்பது ஆய்வாளர் அப்படிப் பொறுக்கியதால். எந்த ஊரிலும் இரண்டு பேரில் ஒருவருக்குக் காசநோய் இருப்பதில்லை. அவர் 100 நோயாளிகளுக்கு 1,000 ஆரோக்கியமானவர்களை எடுத்திருந்தால் பொய்ப் பாசிட்டிவ் 100 ஆகி, இதே வகுத்தல் 47 சதவீதம் என்று காட்டியிருக்கும். ஆய்வாளரின் வசதிக்கேற்ப மாறும் எண் நோயாளிக்கு எந்த விதத்திலும் பயன்படாது.

அப்படிப்பட்ட கட்டத்திலிருந்து நம்பி எடுக்கக்கூடியவை இரண்டுதான். நோயாளிகளின் நெடுவரிசைக்குள் வகுத்து சென்சிட்டிவிட்டி 90 சதவீதம். ஆரோக்கியமானவர்களின் நெடுவரிசைக்குள் வகுத்து ஸ்பெசிஃபிசிட்டி 90 சதவீதம். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் புதிதாகக் கட்டம் போட வேண்டும். 10,000 பேர், நோயாளிகள் 100, பிடிபடுபவர்கள் 90. நோய் இல்லாதவர்கள் 9,900, பொய்ப் பாசிட்டிவ் 990. பி.பி.வி. 90-ஐ 1,080-ஆல் வகுத்தால் 8.3 சதவீதம். ‘நோயாளிகள் இத்தனை பேர், ஆரோக்கியமானவர்கள் இத்தனை பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’ என்று கேள்வியில் வந்தால் அடிக்கோடு போடுங்கள். ‘மக்களில் இத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர்’ என்று வந்தால்தான் குறுக்குவரிசையில் நேராக வகுக்கலாம்.

மேலும், அந்த 100 ஆரோக்கியமானவர்கள் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கல்லூரி மாணவர்களாக இருந்தால் பரிசோதனை நன்றாகத்தான் நடந்துகொள்ளும். ஆஸ்துமாவும் பழைய நுரையீரல் தழும்பும் உள்ளவர்களிடம் அதே 90 வருமா என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒரு வகை. இதில் சரியான விடையே ‘கணக்கிட முடியாது’ என்பது. கருப்பைவாய்ப் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடிக்க, நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. என்ற முறை இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற நர்சுகளைக் கொண்டு இதைப் பெரிய அளவில் செய்து, கருப்பைவாய்ப் புற்றுச் சாவுகள் குறைகின்றன என்று காட்டிய ஆய்வு 2007-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இந்த முறையை வைத்து, எண்களை நாமே போட்டு, ஒரு கேள்வி: ‘முகாமில் 5,000 பெண்கள் வி.ஐ.ஏ. செய்துகொண்டனர். 400 பேருக்குப் பாசிட்டிவ். அந்த 400 பேருக்கும் கால்போஸ்கோபியும் பயாப்சியும் செய்ததில் 48 பேருக்கு நோய் உறுதியானது. நெகட்டிவ் வந்த 4,600 பேரும் வீட்டுக்குப் போனார்கள். பி.பி.வி., சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி காண்க.’

பி.பி.வி.யில் சிக்கல் இல்லை. பாசிட்டிவ் 400 பேரில் 48 பேர்: 12 சதவீதம். சென்சிட்டிவிட்டிக்கு மொத்த நோயாளிகள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். வீட்டுக்குப் போன 4,600 பேரில் எத்தனை பேருக்கு நோய் இருந்தது? யாரும் பார்க்கவில்லை. பல மாணவர்கள் அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டு, 48-ஐ 48-ஆல் வகுத்து, சென்சிட்டிவிட்டி 100 சதவீதம் என்று கூசாமல் எழுதிவிடுகிறார்கள். தேடாததைக் கிடைக்கவில்லை என்று கணக்கில் எழுதுவது அது. வெளியான ஆய்வுகளிலும் இதே பிழை உண்டு. அதற்கு வெரிஃபிகேஷன் பயஸ் என்று பெயர்.

ஸ்பெசிஃபிசிட்டியில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. தவறவிட்ட நோயாளிகள் பூஜ்யம் என்றால் நோய் இல்லாதவர்கள் 4,952, அதில் சரியான நெகட்டிவ் 4,600, ஸ்பெசிஃபிசிட்டி 92.9 சதவீதம். தவறவிட்டவர்கள் 50 பேர் என்று வைத்தால் 4,902-இல் 4,550, 92.8 சதவீதம். கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனால் சென்சிட்டிவிட்டி 100-இலிருந்து 48-ஐ 98-ஆல் வகுத்த 49 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. நோய் அரிதாக இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு கட்டம் ஸ்பெசிஃபிசிட்டியைத் தொடுவதில்லை. சென்சிட்டிவிட்டியைத் தலைகீழாகப் புரட்டுகிறது. ஆகவே விடைத்தாளில், ‘சென்சிட்டிவிட்டி கணக்கிட முடியாது, ஸ்பெசிஃபிசிட்டி தோராயமாக 93 சதவீதம்’ என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் சொல்வதே முழு மார்க்குக்கு உரிய பதில்.

ஆய்வு செய்பவர் இதைச் சரிசெய்யலாம். நெகட்டிவ் வந்த 4,600 பேரில் பத்துக்கு ஒருவர் வீதம், குலுக்கல் முறையில் 460 பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கும் கால்போஸ்கோபி செய்கிறார். இருவருக்கு நோய் தெரிகிறது. பத்தில் ஒரு பங்கில் 2 என்றால் முழுக் கூட்டத்தில் 20. மொத்த நோயாளிகள் 48-உம் 20-உம் சேர்ந்து 68. சென்சிட்டிவிட்டி 48-ஐ 68-ஆல் வகுத்தால் 70.6 சதவீதம். என்.பி.வி. 4,580-ஐ 4,600-ஆல் வகுத்தால் 99.6 சதவீதம்.

இந்த 70.6-இல் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 6-ஐ நம்பிவிட வேண்டாம். எல்லாம் அந்த இரண்டு பெண்களின் மேல் நிற்கிறது. குலுக்கலில் ஒருவர் மட்டும் வந்திருந்தால் தவறவிட்டவர்கள் 10 பேர் என்று ஆகி, சென்சிட்டிவிட்டி 83 சதவீதமாகியிருக்கும். நான்கு பேர் வந்திருந்தால் 40 பேர் என்று ஆகி, 55 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். 460-க்குப் பதில் 2,300 பேரைப் பார்த்திருந்தால் இந்த ஊசலாட்டம் வெகுவாகக் குறைந்திருக்கும். அதற்கு, நோய் இல்லை என்று சொல்லி அனுப்பிய இன்னும் 1,840 பெண்களைத் திரும்ப வரவழைத்துக் கால்போஸ்கோபி மேசையில் படுக்க வைக்க வேண்டும்.